பேட்டி ஒலிப்பதிவுகளை எங்கே, எப்படி வைத்திருப்பது? இறுதியாண்டு ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டு ஆய்வுக்காகப் பேட்டி எடுக்கப் போகும் மாணவர்களோடு சில வருடங்களாக வேலை செய்து வருகிறேன். ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வரும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று நினைத்தேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதற்காக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மயிலிட்டி மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். துறைமுகம் 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. திரும்பி வந்த கடற்றொழிலாளர் தொழிலை எப்படி மறுபடி தொடங்கினார்கள் என்று ஒரு மாணவி ஆராய்கிறார் என்று வையுங்கள். 18 பேரிடம் பேட்டி, ஒவ்வொன்றும் சராசரி ஒன்றேகால் மணித்தியாலம். ஆளும் ஆய்வும் நான் கற்பனை செய்தவை. ஆனால் அவருக்கு வரும் சிக்கல்கள் எல்லாம் நான் நேரில் பார்த்தவை.

18 பேட்டிதானே எடுக்கிறேன். இதற்கெல்லாம் ஒரு திட்டம் எழுத வேண்டுமா?

வேண்டும். ஒப்புதல் படிவத்தில் நீங்கள் ஏற்கனவே சில வாக்குறுதிகளைக் கொடுத்துவிட்டீர்கள். "உங்கள் பெயர் வெளிவராது." "வேண்டாம் என்று தோன்றினால் விலகிக்கொள்ளலாம், பதிவை அழித்துவிடுவோம்." "ஆய்வு முடிந்ததும் ஒலிப்பதிவு அழிக்கப்படும்." பேட்டி கொடுப்பவர் அதை நம்பித்தான் வாய் திறக்கிறார்.

அந்த மூன்று வரியையும் உங்களால் நிறைவேற்ற முடியுமா? ஒலிப்பதிவு உங்கள் ஃபோனில் ஒன்று, வட்ஸ்அப்பில் சிநேகிதிக்கு அனுப்பியது ஒன்று, லாப்டொப்பின் டவுன்லோட்ஸில் ஒன்று, தம்பியின் பென்ட்ரைவில் ஒன்று என்று கிடந்தால் எதை அழித்தோம், எது மிச்சம் என்று உங்களுக்கே தெரியாது. தரவு முகாமைத் திட்டம் என்ற பெரிய பெயருக்குள் இருப்பது இவ்வளவுதான்: எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யார் திறக்கலாம், எப்போது அழியும். ஒன்றரைப் பக்கம் போதும். ஆனால் அதை முதல் பேட்டிக்கு முன்னர் எழுத வேண்டும். ஒப்புதல் படிவத்தை அச்சடித்த பிறகு எழுதினால் படிவம் ஒன்று சொல்லும், திட்டம் வேறொன்று சொல்லும்.

ஃபோனிலேயே பதியலாமா? ரெக்கோடர் வாங்க வேண்டுமா?

ரெக்கோடர் இரவல் கிடைத்தால் அதையே எடுங்கள். ஒலித் தரத்துக்காக இதைச் சொல்லவில்லை, இப்போதைய ஃபோன்களும் நன்றாகத்தான் பதிகின்றன. ரெக்கோடர் இணையத்தோடு பேசாது, அதனால்தான். ஃபோனில் பதிந்தால் நீங்கள் கேட்காமலே அது ஒரு பிரதியை மேகச் சேமிப்புக்கு அனுப்பிவிடலாம். ஐஃபோனில் இன்னொன்றும் உண்டு. அதன் பதிவுச் செயலியில், இடத்தை வைத்துப் பெயரிடும் வசதி செயலில் இருந்தால், நீங்கள் நிற்கும் தெருவின் பெயரே கோப்பின் பெயராகிவிடும். பெயரை மறைக்க நாம் இவ்வளவு பாடுபட, கோப்பு தானாகவே முகவரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஃபோன்தான் இருக்கிறது என்றால் சரி. போக முன்னர் மூன்று வேலை செய்யுங்கள். பதிவுச் செயலிக்கு மேகச் சேமிப்பை நிறுத்துங்கள். இடத்தை வைத்துப் பெயரிடுவதை நிறுத்துங்கள். பேட்டி தொடங்கும்போது விமானப் பயன்முறையில் போடுங்கள். கடைசியை மறக்க வேண்டாம். அழைப்பு ஒன்று வந்தால் பல ஃபோன்களில் பதிவு அந்த இடத்திலேயே நின்றுவிடும். நின்றது தெரியாமல் நீங்கள் முக்கால் மணித்தியாலம் தலையாட்டிக்கொண்டு இருப்பீர்கள்.

எந்த வடிவத்தில் பதிவது? எவ்வளவு இடம் பிடிக்கும்?

ரெக்கோடரில் .wav, ஒற்றைத் தடம், 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 318 எம்பி. 18 பேட்டி, 22.5 மணித்தியாலம், ஆக மொத்தம் 7 ஜிபி சொச்சம். இரட்டைத் தடத்தில் பதிந்தால் இரண்டு மடங்கு. ஒருவர் பேச ஒருவர் கேட்கும் பேட்டிக்கு அது தேவையில்லை.

ஃபோன் .m4a ஆகத்தான் பதியும் என்றால் அப்படியே வைத்திருங்கள். அதை .wav ஆக மாற்றினால் கோப்பு பெருக்கும், ஒலி கூடாது. வீசியெறிந்த விபரம் திரும்பி வராது. எந்த வடிவமானாலும் கருவி முதலில் எழுதிய கோப்பே மூலம். வெட்டுவது, சத்தம் கூட்டுவது எல்லாம் இன்னொரு பிரதியில்.

பேட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வது?

அன்றிரவே, சாப்பிட்டுவிட்டு, படுக்க முன்னர், ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்ட பதிவுகள்தான் தொலைந்து போகின்றன. இந்த ஒரு பதிலை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம்முடைய மாணவி ஏழாவது பேட்டியை எடுத்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வருகிறார். மெமரி காட்டில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்று ஒன்றரை நிமிடம், மற்றது 71 நிமிடம். இரண்டாக இருப்பது தற்செயல் அல்ல. பேட்டி கொடுத்த ஐயா கையெழுத்துப் போட விரும்பவில்லை, வாயால் சம்மதம் சொன்னார். சம்மதம் சொல்லும்போது பெயர், ஊர் எல்லாம் வாயில் வரும். அதனால் அந்தப் பகுதியைத் தனியாகப் பதிந்து நிறுத்திவிட்டு, பேட்டிக்குப் புதிதாகப் பதிவைத் தொடங்கியிருக்கிறார். இப்போது பேட்டிக் கோப்பின் முதல் வரியிலேயே பெயர் இல்லை. இந்தச் சின்ன வேலை பிற்பாடு மிகப் பெரிய தலையிடியைத் தவிர்க்கும்.

லாப்டொப்பில் அவர் VeraCrypt என்ற இலவச மென்பொருளால் ஒரு பூட்டிய பெட்டி செய்து வைத்திருக்கிறார். பெட்டி என்று சொன்னாலும் வெளியே பார்க்க அது 15 ஜிபி அளவுள்ள ஒரே கோப்புத்தான். கடவுச்சொல் கொடுத்துத் திறந்தால் கொம்பியூட்டரில் `V:` என்று ஒரு புதிய டிரைவ் போலத் தெரியும். மூடினால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பேட்டிக் கோப்பை அதற்குள் பிரதி எடுத்து, `P07_a.wav` என்று பெயரை மாற்றுகிறார். P07 என்பது ஆளின் இலக்கம், a என்பது முதல் அமர்வு. பெயரும் ஊரும் கோப்புப் பெயரில் வரக் கூடாது.

அடுத்து, பிரதி சரியாக விழுந்ததா என்று பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் இடையில் ஒரு துண்டு பழுதாகியிருக்கலாம். விண்டோஸில் PowerShellஐத் திறந்து இதை அடியுங்கள். `E:` என்பது மெமரி காட்.

```
Get-FileHash E:\REC0014.wav, V:\P07_a.wav
```

இரண்டு கோப்புக்கும் SHA256 என்று 64 எழுத்து நீளத்தில் ஒவ்வொரு கைரேகை வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பெயர் மாறியது கணக்கில்லை, உள்ளடக்கத்தை மட்டும்தான் அது பார்க்கும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் பிரதியை அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். ஃபோனைக் கேபிளில் இணைத்தால் அது `E:` போல டிரைவ் எழுத்தோடு வராது, இந்தக் கட்டளையும் வேலை செய்யாது. அப்போது இரண்டு கோப்பின் அளவையும் பைட் கணக்கில் ஒப்பிட்டு, தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் போட்டுக் கேளுங்கள். ரெக்கோடரில் பதிந்தவர்களும் கேட்பது நல்லது. காற்றுச் சத்தத்தில் பேச்சு மூழ்கியிருந்தால், ஐயா சொன்னது உங்கள் நினைவில் இருக்கும்போதே குறிப்பு எழுதிவிடலாம்.

பிறகு வெளி ஹாட் டிஸ்க்கில் உள்ள இரண்டாவது பெட்டிக்கும் ஒரு பிரதி. இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. மூன்றாவது பிரதி வீட்டுக்கு வெளியே, மேற்பார்வையாளரின் அலுவலக அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும் பென்ட்ரைவில், வாரத்துக்கு ஒரு தடவை சேரும். மெமரி காட்டில் உள்ளதை மூன்றாவது பிரதி சேர்ந்த பிறகுதான் அழிக்கிறார். அதுவரை அந்தக் காட் வீட்டில் பூட்டிய லாச்சியில் இருக்கும். அடுத்த பேட்டிக்கு இன்னொரு காட்.

பெட்டியின் கோப்பை அப்படியே ஹாட் டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தால் போதாதா?

இதில் ஒரு பொறி இருக்கிறது. VeraCrypt பெட்டிக்குள் நீங்கள் புதிதாக எதைப் போட்டாலும், வெளியே தெரியும் அந்தக் கோப்பின் திகதி மாறாது. வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். அளவும் முதலிலிருந்தே 15 ஜிபிதான், அதுவும் மாறாது. ஆகவே திகதியையும் அளவையும் பார்த்துப் பிரதி எடுக்கும் மென்பொருள்கள் "இதில் மாற்றம் இல்லை" என்று தாண்டிப் போய்விடும். மூன்று மாதம் பிரதி எடுத்தோம் என்று நம்பியிருப்பீர்கள், ஹாட் டிஸ்க்கில் முதல் வாரத்துப் பெட்டி மட்டும் இருக்கும்.

அதனால் ஒவ்வொரு சாதனத்திலும் தனித்தனிப் பெட்டி செய்து, இரண்டையும் திறந்து வைத்து, உள்ளே உள்ள கோப்புகளைப் பிரதி எடுப்பதுதான் நான் சொல்லும் வழி. நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் கண்ணால் கண்டு செய்யலாம்.

பென்ட்ரைவ் பற்றியும் ஒன்று. கடையில் வாங்கும் 32 ஜிபி பென்ட்ரைவ்கள் பெரும்பாலும் FAT32 அமைப்பில் வரும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வைக்க முடியாது. 15 ஜிபி பெட்டி செய்யப் போனால் மறுத்துவிடும். புதிதாக வாங்கியதும் exFAT ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

கூகுள் ட்ரைவில் போட்டிருக்கிறேன். அதுவே பிரதிதானே?

ஒத்திசைவு வேறு, பிரதி வேறு. லாப்டொப்பில் தவறி அழித்தால் ட்ரைவிலும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குள் கவனிக்காவிட்டால் போனதுதான். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் உங்கள் மின்னஞ்சலும் படங்களும் பங்கு கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டி கொடுத்தவரிடம் "உங்கள் குரல் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கணினியிலும் இருக்கும்" என்று சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் போடாதீர்கள். சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தாலும், கடவுச்சொல் போட்டு மூடிய கோப்பாக மட்டும் போடுங்கள்.

பெயரை எடுத்துவிட்டால் ஆளை அடையாளம் காண முடியாதுதானே?

நம்முடைய ஊர்களில் அது நடக்காது. கொழும்பில் "ஒரு முச்சக்கரவண்டிச் சாரதி" என்று எழுதினால் ஆயிரம் பேரில் ஒருவர். மயிலிட்டியில் "துறைமுகம் விட்ட அண்டைக்கே வள்ளம் இறக்கின, முகாமில் மனுசியைப் பறிகொடுத்த, பெரிய மகன் கனடாவில் இருக்கிற ஒருவர்" என்று எழுதினால், உள்ளூரில் யார் வாசித்தாலும் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு விபரமும் தனியே பார்த்தால் பாதிப்பில்லாததுதான். மூன்று ஒன்று சேரும்போது ஆள் எழுந்து நின்றுவிடுவார்.

அதனால் எழுத்துப்படியில் பெயருக்குப் பதிலாக P07 போட்டதோடு நிற்காதீர்கள். ஒழுங்கை, தேவாலயம், சங்கப் பதவி, வள்ளத்தின் பெயர், பிள்ளைகள் இருக்கும் நாடு ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். அழிக்க வேண்டாம், பொதுமைப்படுத்துங்கள். "கனடாவில் உள்ள மகன்" என்பது [வெளிநாட்டில் உள்ள பிள்ளை] ஆகும். "அந்தோனியார் கோயிலடி" என்பது [ஊர்த் தேவாலயத்துக்கு அருகில்] ஆகும். சதுர அடைப்புக்குள் போட்டால் எது அவர் சொன்னது, எது நீங்கள் மாற்றியது என்று வாசிப்பவருக்குத் தெரியும். மாற்றியவற்றை எல்லாம் பெட்டிக்குள் ஒரு பட்டியலாக வையுங்கள். பத்தாவது பேட்டியில் அதே வள்ளம் மறுபடி வரும்போது அதே சொல்லைப் போட அது உதவும்.

பேட்டி கொடுத்தவர் சொன்ன மற்றவர்களையும் மறக்கக் கூடாது. முதலாளி ஒருவர் கடன் கொடுத்து ஏமாற்றினார் என்று P07 பெயரோடு சொல்வார். அந்த முதலாளி உங்களுக்குச் சம்மதம் தரவில்லை. அவருடைய பெயரும் போக வேண்டும்.

ஒலிப்பதிவு வேறு கதை. குரலே அடையாளம். குரலின் தொனியை மாற்றினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பேச்சின் நடை, இருமல், சொல்லும் கதை எல்லாம் அப்படியேதான் இருக்கும். அதனால் ஒலிப்பதிவை அடையாளம் நீக்கிய தரவாக எப்போதும் எண்ண வேண்டாம். அது கடைசிவரை பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டியது.

P07 யார் என்று எனக்கே தெரிய வேண்டுமே. அந்தப் பட்டியலை எங்கே வைப்பது?

ஒலிப்பதிவு இருக்கும் பெட்டியில் வைக்காதீர்கள். பெயர், தொலைபேசி இலக்கம், P இலக்கம் மூன்றும் உள்ள அந்த ஒரு தாள்தான் எல்லாவற்றையும் இணைக்கும் திறப்பு. நான் சொல்வது, கையால் ஒரு தாளில் எழுதி, ஒப்புதல் படிவங்களோடு சேர்த்து உறையில் போட்டு, துறையில் பூட்டிய அலுமாரியில் வைப்பது. வாயால் தந்த சம்மதத்தின் ஒன்றரை நிமிடக் கோப்பும் பேட்டியோடு இருக்கக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி, தனிக் கடவுச்சொல்.

இலக்கங்களை வீட்டு ஒழுங்கில் கொடுக்க வேண்டாம். ஒரே ஒழுங்கையில் வரிசையாகப் போய் P05, P06, P07 என்று கொடுத்தால், ஒருவரைக் கண்டுபிடித்தவர் அயலவர்களையும் கண்டுபிடிப்பார். இலக்கங்களைத் துண்டில் எழுதிக் குலுக்கிக் கொடுங்கள்.

கடவுச்சொல்லை மறந்துவிட்டால்?

அவ்வளவுதான். யாராலும் திறந்து தர முடியாது. பூட்டின் பலமும் அதுதான். ஐந்தாறு தொடர்பில்லாத சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வேறு கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லாமல் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அதைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, உங்கள் வீட்டில் நம்பிக்கையான ஓரிடத்தில் வையுங்கள். பென்ட்ரைவ் இருக்கும் அதே அலுமாரியில் வைக்க வேண்டாம்.

எழுத்துப்படி எழுத மச்சாளிடம் கொடுக்கலாமா? அவ வேகமா அடிப்பா.

மச்சாள் எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. அவவுக்கு அந்த ஊரில் சொந்தமோ தெரிந்தவர்களோ இருந்தால் கொடுக்க வேண்டாம். குரலைக் கேட்டதும் ஆளைத் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு அவ என்ன கையெழுத்துப் போட்டாலும் தெரிந்தது தெரிந்ததுதான். அந்த ஊரோடு தொடர்பில்லாதவர் என்றால், ஒப்புதல் படிவத்தில் "உதவியாளர் ஒருவரும் கேட்கக்கூடும்" என்ற வரி இருக்க வேண்டும், அவரிடமும் இரகசியம் காப்பதாக ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். உங்கள் பெட்டியை உங்கள் லாப்டொப்பில் திறந்து கொடுத்து, உங்கள் வீட்டிலிருந்தே அடிக்கச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னால், முதல் நான்கு ஐந்தையாவது நீங்களே எழுதுவதுதான் நல்லது. எங்கே ஐயா பேச்சை நிறுத்தினார், எங்கே குரல் தழுதழுத்தது என்பது வேறொருவர் அடித்த தாளில் வராது.

இரண்டு மாதம் கழித்து ஒருவர் "தம்பி, என்ர பேச்சை எடுத்துவிடு" என்றால் என்ன செய்வது?

திட்டம் நல்லதா என்று தெரிவது இந்த இடத்தில்தான். நம்முடைய மாணவிக்கு இது P11இல் வருகிறது. ஒன்பதாவது வாரம் அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, "பிள்ளை, மகன் விரும்பேல்லை, அதை வைச்சிருக்க வேண்டாம்" என்கிறார். காரணம் கேட்கக் கூடாது. சரி அம்மா என்று சொல்ல வேண்டும், செய்ய வேண்டும்.

மாணவியிடம் இருப்பிடப் பதிவேடு என்று ஓர் அட்டவணை இருந்தது. எந்தப் பிரதியை எங்கே வைத்தாலும் அதில் ஒரு வரி எழுதுவார். P11க்கு நேரே ஏழு வரிகள் இருந்தன: மெமரி காட், லாப்டொப் பெட்டி, ஹாட் டிஸ்க் பெட்டி, துறையில் உள்ள பென்ட்ரைவ், எழுத்துப்படி, மேற்பார்வையாளருக்கு அச்சிட்டுக் கொடுத்த ஆறு பக்கம், திறப்புத் தாள். காட் ஏற்கனவே அழிக்கப்பட்டிருந்தது. லாப்டொப்பிலும் ஹாட் டிஸ்க்கிலும் அன்றிரவே அழித்தார், எழுத்துப்படியையும் சேர்த்து. துறைக்குப் போய்ப் பென்ட்ரைவை எடுத்து அதிலும் அழித்தார். அச்சுத் தாளைத் திருப்பி வாங்கிக் கிழித்தார். திறப்புத் தாளில் P11இன் பெயரையும் இலக்கத்தையும் கறுப்பு மையால் மூடினார். நான்கு நாளில் எல்லாம் முடிந்தது. அம்மாவுக்குக் கூப்பிட்டு "முடிஞ்சுது அம்மா" என்று சொல்ல முடிந்தது. பதிவேட்டில் "P11 விலகினார், திகதி இது, அழித்தது இன்னார்" என்று மட்டும் எழுதி வைத்தார்.

அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் ஏழு இடமும் நினைவுக்கு வந்திருக்காது. அச்சுத் தாள் நிச்சயமாக மறந்திருக்கும்.

ஓர் எல்லையும் உண்டு. ஆய்வேட்டைக் கையளித்த பிறகு ஒருவர் கேட்டால், ஒலிப்பதிவையும் எழுத்துப்படியையும் அழிக்கலாம், ஆய்வேட்டில் ஏற்கனவே அச்சான மேற்கோளை எடுக்க முடியாது. அதனால் "இந்தத் திகதிவரை விலகலாம்" என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு திகதியை எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். "எப்போதும் விலகலாம்" என்று எழுதுவது அன்பாகத் தெரியும், ஆனால் காப்பாற்ற முடியாத வாக்கு.

எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

முதலில் உங்கள் துறையின் விதியைக் கேளுங்கள், நெறிமுறைக் குழு அனுமதி தந்திருந்தால் அந்தக் கடிதத்தைப் பாருங்கள். சட்டப் பக்கம் பார்த்தால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை எண்ணம் நேரானது: எந்த நோக்கத்துக்காகத் தரவை வாங்கினீர்களோ, அதற்குத் தேவையான காலத்துக்கு மேல் ஆளை அடையாளம் காட்டும் நிலையில் வைத்திருக்காதீர்கள். உடல்நலம், சமயம், இனம், அரசியல் கருத்து போன்றவற்றுக்கு அது கூடுதல் கவனம் கேட்கிறது. நம் பேட்டிகளில் இவை நான்கும் பேச்சுவாக்கில் வந்துவிடும்.

நான் வழக்கமாகச் சொல்வது, பெறுபேறு வந்து ஆறு மாதத்தில் ஒலிப்பதிவும் திறப்புத் தாளும் அழிய வேண்டும். அடையாளம் நீக்கிய எழுத்துப்படியை அதற்குப் பிறகும் வைத்திருக்கலாம், சம்மதம் இருந்தால். அந்த ஆறு மாதம் மறுபரிசீலனைக்கோ, பரீட்சகர் ஏதும் கேட்டாலோ தேவைப்படும்.

டிலீட் அழுத்தினால் போதுமா?

போதாது. டிலீட் செய்தால் கோப்பின் பெயர்தான் பட்டியலிலிருந்து போகிறது. உள்ளே உள்ளது வேறொன்று மேலே எழுதும்வரை அப்படியே கிடக்கும், இலவச மீட்பு மென்பொருளால் எடுத்துவிடலாம். பென்ட்ரைவிலும் எஸ்எஸ்டியிலும் குறிப்பிட்ட கோப்பை மட்டும் "மேலெழுதி அழிக்கும்" மென்பொருள்களை நம்பவும் முடியாது. நினைவகம் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக அவை புதிய எழுத்தை வேறு இடத்தில் போட்டுவிடும், பழையது அதே இடத்தில் இருக்கும்.

முதல் நாளிலிருந்தே பூட்டிய பெட்டியில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். ஆய்வு முடிந்ததும் பெட்டிக் கோப்பை அழித்து, கடவுச்சொல் எழுதிய தாளையும் எரித்துவிட்டால், மீட்டெடுத்தாலும் கிடைப்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான்.

பூட்டாமல் பதிந்தது மெமரி காட்டில் மட்டும். அதை ரெக்கோடரிலேயே ஃபோமட் செய்துவிட்டு, மேசையில் வைத்து .wav ஆக, இடம் நிரம்பும்வரை வெறும் மின்விசிறிச் சத்தத்தைப் பதிய விடுங்கள். பழையவற்றின் மேல் பெரும்பாலும் எல்லா இடத்திலும் அது எழுதிவிடும். பிறகு மறுபடி ஃபோமட் செய்யுங்கள். மிக நுணுக்கமான பேட்டிகள் இருந்த காட் என்றால் இரவல் கொடுக்காமல் உடைத்துவிடுவது இன்னும் பாதுகாப்பு.

இவ்வளவு அருமையான கதைகள். அழிக்காமல் நூலகம் நிறுவனம் போன்ற ஓர் ஆவணகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பேட்டி கொடுத்தவர் அதற்கென்றே தனியாகச் சம்மதித்திருந்தால். "ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்" என்ற கையெழுத்து இணையத்தில் எவரும் கேட்பதற்கான கையெழுத்து ஆகாது. அதனால் ஒப்புதல் படிவத்தில் மூன்று தனிக் கட்டங்கள் போடுங்கள்: பதிவு செய்யலாமா, மேற்கோள் காட்டலாமா, ஆவணகத்தில் வைக்கலாமா. மூன்றாவதுக்கு ஆம் என்றவர்களின் .wav மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். ஆவணகத்துக்குப் போகும் பேட்டியில் சிலர் தம் பெயரைச் சொல்லியே வைக்கச் சொல்வார்கள். அது அவர்கள் உரிமை, மறைக்க வேண்டாம். ஆனால் அவர்கள் பேச்சில் வரும் மற்றவர்களைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேட்க மறந்துவிட்டீர்கள் என்றால் திரும்பிப் போய்க் கேட்பதுதான் ஒரே வழி. பஸ்ஸில் ஒரு நாள்.

எழுத்துப்படியை கொமினிகேசனில் பிரின்ட் எடுக்கலாமா?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்காமலே செய்பவர்கள் கூட. ஒரு தடவை என்னுடைய ஆய்வுக் குறிப்பை ஒரு கடையில் அச்சிடப் போனேன். அந்தக் கணினியின் டெஸ்க்டொப்பில் வேறொருவரின் பேட்டி எழுத்துப்படி கிடந்தது, கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயரும் ஊரும். அவர் வட்ஸ்அப்பில் அனுப்பி அச்சிட்டுவிட்டு, அழிக்காமல் போயிருக்கிறார். கடைக்காரரிடம் சொல்லி அழிப்பித்தேன். அதற்கு முன்னர் எத்தனை பேர் திறந்து பார்த்தார்களோ.

முடிந்தால் துறையின் அச்சு இயந்திரத்தில் எடுங்கள். கடைதான் கதி என்றால், அடையாளம் நீக்கிய எழுத்துப்படியை மட்டும், அது மட்டுமே உள்ள ஒரு பென்ட்ரைவில் கொண்டு போங்கள். பெட்டி இருக்கும் பென்ட்ரைவை அந்தக் கணினியில் செருகவே வேண்டாம், வைரஸ் ஏறி வரும். அச்சு எடுத்து முடிந்ததும் டெஸ்க்டொப்பையும் டவுன்லோட்ஸையும் நீங்களே ஒரு தடவை பாருங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். மங்கலாக விழுந்தது என்று கழித்த தாள்களையும் கையோடு கொண்டு வாருங்கள். கடையில் அதன் பின்பக்கத்தில்தான் அடுத்தவருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பார்கள்.